ஒரு வரிக்கு ஒரு படி: சூடோகோடை ட்ரேஸ் டேபிளாக எழுதுவது

அல்காரிதம் வகுப்பில் இன்செர்ஷன் சார்ட் நடத்தும்போது யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் வருவதில்லை. கையில் சீட்டுக்கட்டை அடுக்குவது போல, ஒவ்வொரு எண்ணாக எடுத்து அதற்குரிய இடத்தில் செருகிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். பலகையில் இருக்கும் ஏழு வரியும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் அதே ஏழு வரியைக் கையில் கொடுத்து, "5, 2, 4 என்ற மூன்று எண்களுக்கு ஒவ்வொரு படியிலும் மாறிகளின் மதிப்பை எழுது" என்றால் பாதிப் பேருடைய அட்டவணை தப்பாகிவிடும். கடைசி விடை 2, 4, 5 என்று சரியாகவே இருக்கும். நடுவில் இருக்கும் வரிசைகள்தான் அந்த ஏழு வரி செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டும்.

காரணம் எளிது. எழுதுகிறவருக்கு அல்காரிதத்தின் நோக்கம் தெரியும். அதனால் வரியைப் படித்து எழுதாமல், நோக்கத்திலிருந்து எழுதிவிடுகிறார். இப்படிப் படிக்குப் படி மதிப்பை எழுதும் ட்ரேஸ் டேபிள் போடும்போது அந்த நோக்கத்தை மறந்தவராக நடிக்க வேண்டியிருக்கிறது. வரி சொல்வதை மட்டும் செய்யும் மந்தபுத்தி குமாஸ்தாவாக உட்கார வேண்டும். புத்திசாலி மாணவர்களுக்கு இது கஷ்டமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பலகையில் இருப்பது இது. அரேயின் முதல் இடத்துக்கு எண் 1.

```
1  for i = 2 to n
2      key = A[i]
3      j = i - 1
4      while j > 0 and A[j] > key
5          A[j+1] = A[j]
6          j = j - 1
7      A[j+1] = key
```

முதல் வேலை வரி எண் போடுவது. விரிவுரையாளர் எண் போடாமல் எழுதியிருந்தால் நாமே போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அட்டவணையின் முதுகெலும்பே அந்த எண்தான். அடுத்தது, மதிப்பு மாறக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை. `i`, `key`, `j` மூன்றும் தெளிவாகத் தெரியும். அரேயை `A` என்று ஒரே கட்டத்தில் அடைக்காமல் `A[1]`, `A[2]`, `A[3]` என்று தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள். எந்த இடம் மாறியது என்பதுதான் இந்த அல்காரிதத்தில் கவனிக்க வேண்டிய விஷயம், ஒரே கட்டத்தில் அடைத்தால் அது கண்ணில் படாது. `n` கடைசி வரை 3 தான் என்பதால் அதற்கு நெடுவரிசை தேவையில்லை, மேலே ஒரு ஓரத்தில் எழுதிவைத்தால் போதும்.

பலரும் விட்டுவிடும் நெடுவரிசை ஒன்று உண்டு: சோதனை. `while`, `for`, `if` ஆகியவை எந்த மாறியின் மதிப்பையும் மாற்றாமல் கேள்வி மட்டும் கேட்கக்கூடும். கேள்வி கேட்பதும் ஒரு படி. அதற்கும் ஒரு வரிசை ஒதுக்கி, மெய்யா பொய்யா என்று எழுத வேண்டும். அதுவும் `A[j] > key` என்று பெயராக எழுதாமல் `5 > 2` என்று மதிப்பைப் போட்டு எழுத வேண்டும். பெயராக எழுதினால் எந்த மதிப்பை வைத்து முடிவு செய்தீர்கள் என்பது பிறகு உங்களுக்கே தெரியாது.

ஒரு வரி ஓடினால் ஒரு வரிசை. மாறிய மதிப்பை மட்டும் எழுதுங்கள். மாறாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெற்றுக் கட்டத்துக்குப் பொருள், அதே நெடுவரிசையில் மேலே கடைசியாக எழுதிய மதிப்பு இன்னும் நிற்கிறது என்பது. எல்லாக் கட்டத்தையும் நிரப்புவது பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் மாற்றம் எங்கே நடந்தது என்பதை அந்த ஒழுங்கே மறைத்துவிடும்.

`i` இரண்டாக இருக்கும் சுற்று இப்படி வரும்:

| படி | வரி | `i` | `key` | `j` | `A[1]` | `A[2]` | `A[3]` | சோதனை |
|---|---|---|---|---|---|---|---|---|
| 0 | | ? | ? | ? | 5 | 2 | 4 | |
| 1 | 1 | 2 | | | | | | `2 <= 3` மெய் |
| 2 | 2 | | 2 | | | | | |
| 3 | 3 | | | 1 | | | | |
| 4 | 4 | | | | | | | `1 > 0` மெய், `5 > 2` மெய் |
| 5 | 5 | | | | | 5 | | |
| 6 | 6 | | | 0 | | | | |
| 7 | 4 | | | | | | | `0 > 0` பொய் |
| 8 | 7 | | | | 2 | | | |

படி 0-இல் `i`, `key`, `j` மூன்றுக்கும் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அங்கே பூஜ்யம் எழுதுவது தப்பு. அவற்றுக்கு இன்னும் யாரும் மதிப்பு கொடுக்கவில்லை. பூஜ்யம் என்பதும் ஒரு மதிப்புதான்.

இப்போது படி 5-ஐப் பாருங்கள். இந்த அட்டவணையில் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான். அந்த நொடியில் அரே 5, 5, 4 என்று இருக்கிறது. 2 அரேயிலேயே இல்லை. அது `key`-யில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. நோக்கத்திலிருந்து எழுதுகிறவர் இங்கேதான் சறுக்குவார். "5-உம் 2-உம் இடம் மாறுகின்றன" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஒரே வரிசையில் `A[1]`-க்கு 2, `A[2]`-க்கு 5 என்று எழுதிவிடுவார். ஐந்தாம் வரி அப்படிச் சொல்லவே இல்லை. அது நகல் எடுக்கிறது, இடம் மாற்றுவதில்லை. பழைய 5 `A[1]`-இல் அப்படியேதான் கிடக்கிறது. அதன்மேல் 2 வந்து உட்காருவது மூன்று படி கழித்து, ஏழாம் வரியில்.

`key` என்று ஒரு மாறி எதற்கு, நேராக `A[i]` என்றே எழுதிவிடலாமே என்று கேட்கிறவர்களுக்கும் படி 5-தான் பதில். ஏழாம் வரியை `A[j+1] = A[i]` என்று மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். படி 8 வரும்போது `A[i]`, அதாவது `A[2]`, ஏற்கெனவே 5 ஆகிவிட்டது. அதனால் `A[1]`-க்கும் 5 போய்ச் சேரும். அரே 5, 5, 4. இரண்டு தொலைந்தே போனது. இதை விரிவுரையில் வாயால் விளக்கினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். கட்டத்தில் 5 என்று கைப்பட எழுதும்போதுதான் உறைக்கும்.

படி 7-இலும் ஒரு சங்கதி இருக்கிறது. சோதனைக் கட்டத்தில் `0 > 0` பொய் என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டேன். `A[0] > 2` என்ற இரண்டாம் பாதியை எழுதவில்லை, ஏனென்றால் `A[0]` என்று ஓர் இடமே கிடையாது. சூடோகோடில் `and` வந்தால் முதல் பாதி பொய்யானதும் இரண்டாம் பாதியைத் தொடுவதில்லை என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம். சி, ஜாவா, பைத்தான் மூன்றிலும் பொதுவாகப் பயன்படுத்தும் ‘மற்றும்’ இப்படித்தான் நடக்கும். தரப்படுத்தப்பட்ட பாஸ்கல் மொழியோ இந்த உறுதியைக் கொடுக்கவில்லை, கம்பைலர் எழுதியவர் இஷ்டம் என்று விட்டுவிட்டது. அதனால் நான்காம் வரியின் இரண்டு பாதியையும் முன்பின்னாக மாற்றி எழுதினால் கணக்குப்படி பொருள் ஒன்றுதான், ஆனால் படி 7-இல் இல்லாத இடத்தைப் படிக்க வேண்டிவரும். ட்ரேஸ் டேபிளில் ஒரு கட்டத்துக்கு மதிப்பு எழுத முடியாமல் பேனா நின்றால், பெரும்பாலும் அது நம் குழப்பம் அல்ல, நிரலில் உள்ள பிழை.

இனி `i` மூன்றாக இருக்கும் சுற்று:

| படி | வரி | `i` | `key` | `j` | `A[1]` | `A[2]` | `A[3]` | சோதனை |
|---|---|---|---|---|---|---|---|---|
| 9 | 1 | 3 | | | | | | `3 <= 3` மெய் |
| 10 | 2 | | 4 | | | | | |
| 11 | 3 | | | 2 | | | | |
| 12 | 4 | | | | | | | `2 > 0` மெய், `5 > 4` மெய் |
| 13 | 5 | | | | | | 5 | |
| 14 | 6 | | | 1 | | | | |
| 15 | 4 | | | | | | | `1 > 0` மெய், `2 > 4` பொய் |
| 16 | 7 | | | | | 4 | | |
| 17 | 1 | 4 | | | | | | `4 <= 3` பொய் |

முதல் சுற்றில் `while` நின்றது இடது ஓரத்தை முட்டியதால். இரண்டாம் சுற்றில் நின்றது சிறிய எண் ஒன்று எதிர்ப்பட்டதால். 5, 2, 4 என்ற எண்களை நான் சும்மா எடுக்கவில்லை, இரண்டு விதமாகவும் லூப் முடிய வேண்டும் என்றுதான் எடுத்தேன். 1, 2, 3 என்று கொடுத்திருந்தால் ஐந்தாம், ஆறாம் வரிகள் ஒருமுறைகூட ஓடியிருக்காது. அப்படிப்பட்ட அட்டவணை அந்த இரண்டு வரியைப் பற்றி எதையுமே சொல்லாது.

படி 17-ஐ யாரும் எழுதுவதில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் `for` நிற்பதற்கே `i` நான்காகி, சோதனை பொய்யாக வேண்டும். உள்ளே இரண்டு சுற்று, சோதனை மூன்று முறை. லூப் முடிந்த பிறகு `i`-யின் மதிப்பு என்ன என்பது மொழிக்கு மொழி வேறுபடும். பைத்தானில் `range(2, n+1)` என்று எழுதினால் கடைசியில் `i` மூன்றிலேயே நின்றுவிடும். பலகையில் எழுதிய சூடோகோடுக்கு விரிவுரையாளர் எந்த ஒப்பந்தத்தைச் சொன்னாரோ அதையே அட்டவணையில் பின்பற்ற வேண்டும். நான் இங்கே எடுத்துக்கொண்டது `i` ஒன்று கூடி வெளியே வரும் ஒப்பந்தம்.

அட்டவணை சரியா என்று பார்க்க மதிப்புகளைத் தொடவே வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது. `வரி` என்ற நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: 1, 2, 3, 4, 5, 6, 4, 7, 1, 2, 3, 4, 5, 6, 4, 7, 1. இந்த நிரலில் 6-க்குப் பிறகு 4 தவிர வேறு எதுவும் வர முடியாது. 4-க்குப் பிறகு 5 அல்லது 7. 7-க்குப் பிறகு 1 மட்டும். எங்காவது 6-க்குப் பிறகு நேராக 7 வந்திருந்தால், `while` சோதனையைத் திரும்பக் கேட்காமல் நீங்களே பதிலை ஊகித்துவிட்டீர்கள் என்று பொருள். மாணவர்களின் அட்டவணையில் நான் முதலில் தேடுவது இந்த 6, 7 ஜோடியைத்தான். அடுத்து தேடுவது ஒரே வரிசையில் இரண்டு மதிப்பு மாறிய இடத்தை. இந்த நிரலில் எந்த வரியும் ஒன்றுக்கு மேல் மாற்றுவதில்லை என்பதால், அப்படி ஓரிடம் இருந்தால் அங்கே வரியைப் படிக்காமல் கற்பனையிலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

மாறிய மதிப்பைக் கட்டம் போட்டுப் பின்தொடரும் பழக்கம் கம்ப்யூட்டரைவிடப் பழையது. 1843-இல் ஏடா லவ்லேஸ், சார்ல்ஸ் பாபேஜ் கட்ட நினைத்த அனலிட்டிக்கல் எஞ்சினுக்காக, பெர்னூலி எண்களைக் கணக்கிடும் ஒரு பெரிய அட்டவணையை வெளியிட்டார். அதில் 25 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த மாறியை எடுக்கிறோம், விடை எந்த மாறிக்குப் போகிறது, எதன் மதிப்பு மாறுகிறது என்று தனித்தனி நெடுவரிசை. ஒரு மாறி எத்தனையாவது முறை மதிப்பு மாறி நிற்கிறது என்பதற்கு அதன் தலைக்கு இடப்பக்கம் ஒரு சிறு எண்கூடப் போட்டிருக்கிறார். அச்சான அந்த அட்டவணையின் நான்காம் செயலில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு செயலுக்கு ஒரு வரிசை என்று எழுதியிருப்பதால்தான் பிழை எந்த வரிசையில் என்று இன்றைக்கும் விரல் வைத்துச் சொல்ல முடிகிறது.

மீண்டும் நம் 17 படிக்கு வருவோம். விரிவுரையில் சூடோகோடு முடிந்ததும் அடுத்துப் பலகையில் ஏறுவது ஒவ்வொரு வரியும் எத்தனை முறை ஓடும் என்ற கணக்கு. சிக்மா குறியோடு வரும் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பலர் மிரண்டுவிடுவார்கள். அந்தக் கணக்கு நம் `வரி` நெடுவரிசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. எண்ணிப் பாருங்கள். முதல் வரி 3 முறை. 2, 3, 7 ஆகிய வரிகள் தலா 2 முறை. நான்காம் வரி 4 முறை. 5, 6 தலா 2 முறை. மொத்தம் 17. முதல் வரி `n` முறை ஓடும், அதன் உள்ளே 2, 3, 7 வரிகள் `n - 1` முறை ஓடும் என்று விரிவுரையாளர் சொல்லும்போது அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று விழிப்பவர்கள், அநேகமாகப் படி 17-ஐ எழுதாமல் விட்டவர்கள்தான்.

இதே எண்களை 5, 4, 2 என்று முழுக்கத் தலைகீழாகக் கொடுத்தால் நான்காம் வரி 5 முறையும், 5, 6 வரிகள் தலா 3 முறையும் ஓடி, மொத்தம் 20 படி ஆகும். 2, 4, 5 என்று வரிசையாகவே கொடுத்தால் 11 படியில் முடிந்துவிடும். ஐந்தாம் வரி எத்தனை முறை ஓடுகிறது என்பது அரேயில் எத்தனை ஜோடி எண்கள் பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று தலைகீழாக நிற்கின்றன என்ற எண்ணிக்கைக்குச் சமம். 5, 2, 4-இல் (5, 2), (5, 4) என்று இரண்டு ஜோடி. படி 5, படி 13. `n` எண்களில் அதிகபட்சம் `n(n-1)/2` ஜோடி இருக்கலாம். இந்த அல்காரிதத்தின் மோசமான நேரம் `n`-இன் வர்க்கத்தோடு வளர்கிறது என்பதன் வேர் அங்கே இருக்கிறது.

லூப் இன்வேரியன்ட் என்று வரும் பாடத்துக்கும் இதே காகிதம் போதும். "`A[1]` முதல் `A[i-1]` வரை எப்போதும் வரிசையாக இருக்கும், தொடக்கத்தில் அங்கே இருந்த அதே எண்கள்தான் இருக்கும்" என்பது கூற்று. இதில் "எப்போதும்" என்பதைப் பிடித்துக்கொண்டு படி 5-க்குப் போனால், 5, 5, 4 என்ற அரேயைப் பார்த்துக் கூற்றே பொய் என்று தோன்றும். ஆனால் கூற்று எல்லாப் படிக்கும் சொன்னதல்ல. முதல் வரியின் சோதனை நடக்கும் வரிசைகளுக்கு மட்டும் சொன்னது. அதாவது படி 1, 9, 17. அந்த மூன்றிலும் முறையே 5, பிறகு 2, 5, பிறகு 2, 4, 5. அந்த மூன்று வரிசைகளுக்கு மட்டும் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் அரே கலைந்து கிடக்கலாம், தவறில்லை.

இனி எண்ணிடும் தொல்லை. பலகையில் 1-இலிருந்து தொடங்கும் அரே, நாம் எழுதப்போகும் மொழியிலோ 0-இலிருந்து. பெயர்க்கும்போது `for`-ஐ மட்டும் 1-இலிருந்து `n-1` வரை என்று திருத்திவிட்டு, `while`-இல் `j > 0` என்பதை அப்படியே விட்டுவிடுவது மிகவும் பரவலான பிழை. 5, 2, 4-க்கு ஓட்டினால் `i` ஒன்றாக இருக்கும்போது `j` பூஜ்யம், `0 > 0` பொய், உள்ளே போவதே இல்லை. `i` இரண்டானதும் `j` ஒன்று, `2 > 4` பொய், மறுபடியும் உள்ளே போவதில்லை. அரே 5, 2, 4 என்று வந்தபடியே நிற்கும். முதல் இடத்தில் இருக்கும் எண்ணை யாரும் ஒப்பிட்டே பார்க்கவில்லை. பொல்லாத பிழை இது, ஏனென்றால் ஆகச் சிறிய எண் தற்செயலாக முதல் இடத்தில் இருந்துவிட்டால் விடை சரியாகவே வரும். இந்தப் பிழைக்கு 2, 5, 4 என்ற அரேயைக் கொடுத்துச் சோதித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. `j >= 0` என்று மாற்றினால் தீர்ந்துவிடும்.

நிரலாக எழுதி, லூப்புக்குள் `print` போட்டால் கம்ப்யூட்டரே இந்த அட்டவணையைத் தராதா என்று கேட்பார்கள். தரும். ஆனால் அது காட்டுவது நீங்கள் பெயர்த்த நிரலை, பலகையில் இருந்ததை அல்ல. மேலே சொன்ன `j > 0` பிழை பெயர்ப்பில்தான் நுழைந்தது. கையால் போட்ட அட்டவணை ஒன்று பக்கத்தில் இருந்தால், `print` தரும் வரிசையோடு அதை ஒப்பிட்டு, முதன்முதலில் எந்தப் படியில் இரண்டும் பிரிகின்றன என்று பார்க்கலாம். `i`, `j` இரண்டும் ஒன்று குறைவாக வருவதை ஒதுக்கிவிட்டால், நம் உதாரணத்தில் படி 4-இலேயே பிரிந்துவிடும்.

முழு அட்டவணையை ஒருமுறை போட்ட பிறகு அடுத்த உள்ளீட்டுக்குச் சுருக்கலாம். நான்காம் வரியின் சோதனைக்கு வரும்போது மட்டும் ஒரு வரிசை எழுதி, அந்த நொடியில் எல்லா மாறியின் மதிப்பையும் நிரப்பிவிடுங்கள். 17 வரிசை நான்காகக் குறையும். சுருக்கிய வடிவில் வெற்றுக் கட்டம் விடக்கூடாது, ஏனென்றால் இரண்டு வரிசைக்கு நடுவே பல வரிகள் ஓடியிருக்கும். முதல் தடவையே சுருக்கமாகப் போட்டால் பழைய வியாதி திரும்பிவிடும், நடுவில் இருப்பதை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும்.

எண்களை மட்டும் எழுதும் ட்ரேஸ் டேபிளால் பிடிக்க முடியாத பிழையும் உண்டு. நான்காம் வரியில் `A[j] > key` என்பதை `A[j] >= key` என்று எழுதிவிட்டால் 5, 2, 4-இன் 17 படியில் ஒன்றுகூட மாறாது. 2, 2 என்று இரண்டு சம எண்களைக் கொடுத்தால் படிகள் கூடும், ஆனால் அரேயின் தோற்றம் முடிவில் 2, 2 தான். இரண்டுக்கும் 2அ, 2ஆ என்று அடையாளம் போட்டு எழுதினால்தான் விஷயம் வெளிப்படும். `>` இருந்தால் 2அ, 2ஆ என்று வந்த வரிசையிலேயே நிற்கும். `>=` இருந்தால் 2ஆ, 2அ என்று புரண்டுவிடும். பெயர்ப் பட்டியலை மதிப்பெண்படி அடுக்கும்போது, ஒரே மதிப்பெண் வாங்கிய இருவர் காரணமில்லாமல் முன்பின்னாகப் போவது இதனால்தான்.